கம்பளி ஸ்வெட்டர்: கையால் துவைப்பதா, மெஷினில் போடுவதா, டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதா?

ஸ்வெட்டர் சுருங்கிப்போனால் பெரும்பாலோர் தண்ணீரின் சூட்டைத்தான் குறை சொல்வார்கள். சூட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு அசைவுக்குத்தான். கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுபவர்கள் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் நீரில் அதை நெடுநேரம் வைத்திருப்பார்கள். கிளறாமல் விட்டு, அந்த நீரிலேயே ஆறவைத்து எடுத்தால் நூல் நூலாகவே இருக்கும். அதே நூலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் கசக்கிப் பாருங்கள், பிரித்தெடுக்க முடியாத திரளாகிவிடும்.

அதனால் கை, மெஷின், டிரை கிளீனிங் மூன்றையும் ஒப்பிடும்போது, நனைந்த துணியை எது குறைவாக உராய வைக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கைதான் மென்மை, மெஷின் முரடு என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு விடை கொஞ்சம் வியப்பாக இருக்கலாம்.

இழைகள் ஏன் பின்னிக்கொள்கின்றன

ஆட்டு ரோமத்தின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய செதில்கள் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி, எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் ஓர் இழை வேர்ப்பக்கமாக எளிதில் நகரும், நுனிப்பக்கமாக நகரப் பார்த்தால் செதில்கள் பக்கத்து இழையில் மாட்டித் தடுக்கும். புல் கதிர் ஒன்றைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு நடந்தால், கை எப்படி ஆடினாலும் அது மேலேயே ஏறுமே, அதே கதைதான். ஒவ்வொரு கசக்கலிலும் இழை ஒரு துளி முன்னே போகிறது, திரும்பி வருவதில்லை. ஒரு நூலுக்குள் இருக்கும் எண்ணற்ற இழைகள் ஆளுக்கொரு திசையில் இப்படி ஊர்ந்து, ஒன்றையொன்று சுற்றி இறுக்கிக்கொள்கின்றன. நூல் குட்டையாகித் தடிக்கிறது, அதனால் துணியும் சுருங்குகிறது. எந்த இழையும் தன் நீளத்தில் குறைவதில்லை, எல்லாம் பின்னிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஃபெல்ட் என்ற கெட்டித்துணியை வேண்டுமென்றே செய்பவர்கள் பயன்படுத்துவதும் இதையேதான். அவர்களுடைய கருவிகள் வெந்நீர், சோப்பு, விடாத தேய்ப்பு.

நீர் பட்டால் இழை ஊதி, வளைந்துகொடுக்கத் தொடங்கும். சூடு அந்த வளைவை இன்னும் கூட்டும். சோப்பு இழைகளுக்கு நடுவே வழுக்கலைத் தந்து ஊர்வதை எளிதாக்கும். ஆனால் இவை எல்லாம் துணை நிற்பவைதான், ஓட்டுவது அசைவு. பலநாள் போட்ட ஸ்வெட்டரின் அக்குள் பகுதியைத் தடவிப் பார்த்தாலே இது தெரியும். துவைக்கும் தொட்டிக்கே போகாமல் அந்த இடம் மட்டும் தட்டையாக, கெட்டியாக ஆகியிருக்கும். அங்கே உடம்பின் சூடும் வியர்வையின் ஈரமும் கையின் உராய்வும் சேர்ந்து கிடைத்துவிடுகின்றன.

எல்லாச் சுருக்கமும் ஒன்றல்ல

துவைத்து எடுத்த ஸ்வெட்டர் சின்னதாகத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். பின்னும்போதும் தொழிற்சாலையில் நீராவி கொடுத்து வடிவம் பிடிக்கும்போதும் துணி சற்று இழுபட்டிருக்கும். முதல் நனைப்பில் அந்த இழுவிசை தளர்ந்து, கண்ணிகள், அதாவது நூல் பின்னிய வளையங்கள், தங்கள் இயல்பான அளவுக்குத் திரும்பும். இது தளர்வுச் சுருக்கம். ஈரமாக இருக்கும்போதே கையால் நீவி இழுத்தால் பழைய அளவு வந்துவிடும்.

இழைகள் பின்னிக்கொண்டதால் வரும் சுருக்கம் வேறு. அது திரும்பாது. இரண்டையும் பிரித்தறிய வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்து, இடையிடையே ஒளி புள்ளிபுள்ளியாக ஊடுருவி, இழுத்தால் முன்போல நீண்டு கொடுத்தால் அது தளர்வுச் சுருக்கம்தான். கண்ணிகளின் விளிம்பு மங்கி, மேலே பஞ்சு படர்ந்து, தடித்து, இழுத்தாலும் அசையாமல் நின்றால் பின்னல் இறுகிவிட்டது. அங்கங்கே சிறு உருண்டைகள் திரள்வது மட்டும் இருந்தால் அது போட்டு உரசியதால் வந்தது, அதற்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது, உங்கள் ஸ்வெட்டர் எந்த அளவுக்குப் பின்னிக்கொள்ளக்கூடியது என்பதைப் பொறுத்தது. சில கம்பளிகளைத் தொழிற்சாலையிலேயே பதப்படுத்திவிடுகிறார்கள். குளோரின் கொண்டு செதில் விளிம்புகளை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு ஒன்றையும் ஏற்றுவது அதில் பரவலான முறை. சூப்பர்வாஷ் என்று லேபிளில் போட்டிருந்தால் அப்படிப்பட்ட கம்பளி. செதில் பிடி இல்லாததால் இழைகள் ஊர்ந்தாலும் சிக்கிக்கொள்வதில்லை.

லேபிள் கிழிந்துபோயிருந்தால் நூல் பின்னுபவர்களின் ஒரு வழக்கம் உதவும். பதப்படுத்தாத கம்பளியில் இரண்டு நூல் முனைகளை முடிச்சுப் போடாமலே இணைப்பார்கள். முனைகளை லேசாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, ஈரப்படுத்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாக உருட்டுவார்கள். சிறிது நேரத்தில் இரண்டும் ஒரே நூலாகிவிடும். ஸ்வெட்டருடன் சிறு பொட்டலத்தில் கூடுதல் பொத்தானும் நூலும் வந்திருந்தால் அந்த நூலை இரண்டாக வெட்டி இதைச் செய்து பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது இறுகும் கம்பளி. எவ்வளவு உருட்டியும் பிரிந்தே வந்தால் பதப்படுத்தியதாகவோ, செயற்கை இழை அதிகம் கலந்ததாகவோ இருக்கலாம். துணியில் வெட்ட நூல் கிடைக்காதவர்கள் அதை இறுகும் கம்பளியாகவே எடுத்துக்கொள்வது நல்லது. பொதுவாக இழை மெல்லியதாக இருக்க இருக்க வேகமாக இறுகும், அதனால் மெரினோவும் காஷ்மீரும் முரட்டுக் கம்பளியைவிடக் கூடுதல் கவனம் கேட்கும்.

மூன்று வழிகளும்

மெஷினை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். முன்பக்கம் திறக்கும் மெஷின்களில் கம்பளிக்கென்று தனி ஓட்டம் இருந்தால், அதில் டிரம் முழுச் சுற்றாகச் சுழன்று துணியைத் தூக்கிப் போடுவதில்லை. நிறைய நீரில் மெதுவாக அசைந்துவிட்டு நெடுநேரம் நிற்கும். மொத்த நேரத்தில் அசைவு சொற்பம்தான். அழுக்கைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கசக்கத் தொடங்கும் ஒருவரோடு ஒப்பிட்டால் மெஷினே மென்மையானது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இது கம்பளிக்கான ஓட்டத்துக்கு மட்டும் பொருந்தும். மென்துணிகளுக்கான ஓட்டம் பெயரில் அதற்குப் பக்கத்தில் இருந்தாலும் பட்டும் செயற்கை இழையும் தாங்கும் அளவுக்கு அசைக்கும், அதைக் கம்பளி தாங்காது. டிரம்மையும் நிரப்பக் கூடாது. கையேட்டில் கம்பளிக்குத் தனியாக ஒரு எடை குறிப்பிட்டிருப்பார்கள், அது வழக்கமான கொள்ளளவைவிட மிகக் குறைவாக இருக்கும்.

மேலிருந்து திறக்கும் மெஷினில் அடியிலுள்ள சுழலியோ நடுத்தண்டோ துணியைத் தொடர்ந்து திருகித் தேய்க்கும். இறுகும் கம்பளியை அதில் ஓடவிடவே கூடாது. அதைத் தொட்டியாக மட்டும் பயன்படுத்தலாம். நீரை நிரப்பி, நிறுத்திவிட்டு, ஸ்வெட்டரை ஊறவைத்து, நீரை வெளியேற்றிய பின் சுழற்றிப் பிழியும் பகுதியை மட்டும் ஓட்டலாம்.

டிரை கிளீனிங்கில் நீருக்குப் பதில் கரைப்பான் பயன்படுவதால் இழை அந்த அளவுக்கு ஊதுவதில்லை, இறுகும் ஆபத்தும் குறைவு. எண்ணெய்க் கறை எளிதில் போகும். ஆனால் வியர்வையிலுள்ள உப்பு நீரில் கரைவது, கரைப்பானில் அவ்வளவாகக் கரையாது. தோலோடு ஒட்டிப் போடும் ஸ்வெட்டரை ஒவ்வொரு தடவையும் டிரை கிளீனிங்குக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் மணம் முழுமையாகப் போகாமல் நின்றுவிடும். உள்ளே லைனிங் வைத்துத் தைத்தது, தோள்பட்டையில் பஞ்சு வைத்தது, தோல் பட்டை தைத்தது போன்றவற்றுக்கு இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. கம்பளி எவ்வளவு, லைனிங் எவ்வளவு என்று ஆளுக்கொரு அளவில் சுருங்கினால் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது வழி கை. வாளியில் ஊறவைத்து, அசைவை நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம் என்பதே அதன் பலம். பலவீனமும் அதே கைதான். கசக்கி, முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுப் பழகிய கை இந்த நாலில் ஒன்றைக்கூட இங்கே செய்யக் கூடாது.

என் தேர்வு இப்படி. லைனிங் இல்லாத, இறுகும் கம்பளி என்றால் வாளியில் ஊறவைத்து, பிழிவதை மட்டும் மெஷினிடம் விடுவேன். சூப்பர்வாஷ் என்றால் மெஷினின் கம்பளி ஓட்டம், யோசனையே வேண்டாம். லைனிங் இருந்தால் டிரை கிளீனிங். லேபிளில் தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் துவைக்கலாம் என்று பொருள். தொட்டியின் கீழே இரண்டு கோடு இருந்தால் மெஷினில் மிக மென்மையான ஓட்டத்தில் போடலாம். தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் நீரே கூடாது. லேபிள் சொல்வதை மீறி மேலே சொன்ன வழியைப் பிடிக்கச் சொல்லவில்லை, லேபிள் இல்லாதபோதும், அது இரண்டு வழிகளுக்கு இடம் தரும்போதும்தான் இந்தத் தேர்வு.

ஒரு மெரினோ ஸ்வெட்டர், தொட்டியிலிருந்து மேசை வரை

400 கிராம் எடையுள்ள, பதப்படுத்தாத மெரினோ ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நனைப்பதற்கு முன் மேசையில் விரித்து மூன்று அளவு எடுத்துக் குறித்துவையுங்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை 52 செ.மீ., தோளிலிருந்து கீழ் ஓரம் வரை 66, கையின் உட்பக்க நீளம் 48 என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று எண்கள் இல்லாமல் பிறகு எந்த அளவுக்கு நீவி வைப்பது என்று ஊகிக்கத்தான் முடியும். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள், உராய்வு பட்டாலும் உள்முகத்தில் படட்டும்.

அகலமான தொட்டியில் ஸ்வெட்டர் முழுக்க மூழ்கி, மேலும் கொஞ்சம் இடம் இருக்கும்படி ஏறத்தாழ 8 லிட்டர் நீர் எடுங்கள். 30 பாகைக்கு மேல் வேண்டாம். கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பைப் புட்டியில் சொன்ன அளவுக்கு ஊற்றி நீரில் முழுக்கக் கரைத்த பிறகே ஸ்வெட்டரை இறக்க வேண்டும். துணியின்மேல் நேராகக் குழாயைத் திறந்துவிடுவது பலர் செய்வது. விழும் நீர் ஒரே இடத்தைக் குத்திக்கொண்டே இருக்கும், அதுவும் அசைவுதான்.

வழக்கமான சலவைத்தூளைப் போட்டால் என்ன? அதில் இரண்டு சிக்கல். அது காரத்தன்மை உடையது, கம்பளியோ லேசான அமிலத்தில் இருந்தால்தான் நலமாக இருக்கும். காரத்தில் இழை மேலும் ஊதிப் பலவீனமாகும். இன்னொன்று, கறை நீக்குவதற்காகச் சேர்க்கும் நொதிகளில் புரதத்தைச் செரிப்பதும் உண்டு. கம்பளியும் கெரட்டின் என்ற புரதம்தானே, கறையோடு சேர்த்து அதையும் கடிக்கும். குளோரின் பிளீச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது கம்பளியைக் கரைத்தே விடும். கம்பளி சோப்பு கிடைக்காவிட்டால், தலைக்குப் போடும் சாதாரண ஷாம்பு கொஞ்சம் போதும். ரோமத்துக்கும் தலைமுடிக்கும் அடிப்படை ஒன்றுதான்.

ஸ்வெட்டரை நீரின்மேல் வைத்து, உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி மூழ்கவிடுங்கள். கம்பளி உடனே நனையாது, காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். ஒரு ஓரமாக அமுக்கிக்கொண்டே வந்தால் குமிழிகள் வெளியேறித் தானாக அமிழும். அதன்பின் 10 அல்லது 15 நிமிடம் அப்படியே விட வேண்டும். அழுக்கை எடுப்பது இந்த ஊறல்தான். கழுத்துப் பட்டையிலோ மணிக்கட்டிலோ கறை இருந்தால், தேய்க்காமல் அந்த இடத்தை மட்டும் நீருக்குள் வைத்து விரல்களால் அமுக்கி அமுக்கி விடுங்கள். நேரம் முடியும்போது முழு ஸ்வெட்டரையும் மூன்று நான்கு முறை அமுக்கிவிட்டால் போதும்.

வெளியே எடுக்கும் நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நனைந்த ஸ்வெட்டர் தன் எடையைவிட அதிகமான நீரைச் சுமந்துகொண்டிருக்கும், கம்பளியும் ஈரத்தில் பலம் குறைந்திருக்கும். தோளைப் பிடித்துத் தூக்கினால் அந்தப் பாரம் முழுக்கக் கண்ணிகளை இழுத்து, துணி முழங்கால் வரை நீண்டுவிடும். தொட்டியைச் சாய்த்து நீரை வடியவிட்டு, ஸ்வெட்டரைத் தொட்டிச் சுவரோடு சேர்த்து அமுக்கி, பிறகு இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து ஒரே மூட்டையாகத் தூக்குங்கள். அலசுவதற்கும் முதலில் நீரை நிரப்பி, பிறகே அதில் இறக்க வேண்டும். அதே வெப்பத்தில் நீர் எடுத்தால், சூடு மாறி மாறிப் படாது. இரண்டு அலசல் பெரும்பாலும் போதும். அலசத் தேவையில்லை என்று சோப்புப் புட்டியிலேயே போட்டிருந்தால் அந்த வேலையும் மிச்சம், கையாளுவதும் குறையும். சாதாரண ஷாம்பு போட்டிருந்தால் கடைசி அலசலில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் விடலாம்.

இனி பிழிய வேண்டும். கையால் முறுக்கக் கூடாது. தடித்த துவாலை ஒன்றை விரித்து, மேலே ஸ்வெட்டரைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாயைப் போலச் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி அமுக்கினால் நிறைய நீர் துவாலைக்குப் போய்விடும். வேறொரு காய்ந்த துவாலையில் இன்னொரு தரமும் செய்யலாம். எனக்குப் பிடித்தது மெஷினின் சுழற்சி. வலைப்பையில் போட்டுக் குறைந்த வேகத்தில் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டினால், துணி டிரம் சுவரோடு ஒட்டி நின்றுகொள்ளும். சுற்றுவது டிரம்தான், துணிக்குள் உராய்வு இல்லை. அதனால் சுழற்சி வேகம் கண்டு பயப்படுபவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது துவைக்கும் அசைவைப் பார்த்துத்தான். கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில மெஷின்கள் சுழற்றுவதற்கு முன் அலசலையும் சேர்த்து ஓட்டும். சுழற்சி மட்டும் என்று தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காயவைக்க, உலர்ந்த துவாலைமேல் ஸ்வெட்டரைக் கிடையாகப் பரப்புங்கள். குறித்து வைத்த எண்கள் இப்போது வேலை செய்யும். அக்குளுக்கு நடுவே 50 செ.மீ. இருக்கிறதா? உள்ளே இரண்டு கைகளையும் விட்டு 52 வரும் வரை மெதுவாக நீவுங்கள். நீளம் 66ஐத் தாண்டித் தொங்கிவிட்டதா? கீழ் ஓரத்தைத் தட்டித் தட்டி மேலே ஏற்றுங்கள். கீழ்ப்பட்டையையும் மணிக்கட்டுப் பட்டையையும் மட்டும் இழுக்காமல் நெருக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பட்டை தளர்ந்துபோகும். நேர் வெயில் படாத, காற்று வரும் இடம் வேண்டும். கீழே இருக்கும் துவாலை ஈரமானதும் மாற்றி, ஸ்வெட்டரையும் புரட்டிப் போடுங்கள். தடிமனானது காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சூடான டிரையரில் போட்டு அவசரப்பட்டால், ஈரம், சூடு, உருளும் அசைவு மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தது போலாகும். தொட்டியில் எடுத்த எல்லா எச்சரிக்கையும் அதோடு வீண்.

காய்ந்தபின் மறுபடி மூன்று அளவையும் எடுத்துப் பாருங்கள். 52 என்பது 51.5 ஆகியிருந்தால் கவலையில்லை. 48 ஆகி, துணியும் தடித்துத் தெரிந்தால் எங்கோ அசைவு கூடிவிட்டது. பெரும்பாலும் அது அலசலில்தான் நடக்கும், சோப்பு இருக்கும்வரை பொறுமையாக இருந்த கை நீர் தெளியவில்லையே என்று அங்கேதான் கலக்கத் தொடங்கும்.

ஏற்கெனவே இறுகிவிட்டதை என்ன செய்வது? தலைமுடி கண்டிஷனர் கலந்த நீரில் ஊறவைத்து இழுத்தால் பழையபடி ஆகும் என்று எங்கும் சொல்கிறார்கள். கண்டிஷனர் இழைகளுக்கு வழுக்கலைத் தருவதால், லேசாக இறுகத் தொடங்கிய துணியில் கொஞ்சம் அளவு மீளலாம். கண்ணிகள் மறையும் அளவுக்குப் போனதை எதுவும் மீட்காது, இழைகளை ஒவ்வொன்றாகப் பின்வாங்க வைக்க வழி இல்லை. அப்படிப்பட்டதை வெட்டிக் கையுறையாகவோ, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் விரிப்பாகவோ தைத்துக்கொள்ளலாம். வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்கக்கூட வேண்டாம், நன்றாக இறுகிய கம்பளி நூல் பிரியாது.